வடை யாருக்குக் கிடைத்தது? ஓட்டுப் போடுகிறவர்களைப் பேச வைக்கும் கேள்வி

"முத்தியால்பேட்டையில் சின்னதாகப் புத்தகக் கடை வைத்திருக்கிறேன். கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் 'சின்ன வயசில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த கதை எது?' என்று கேட்டால் நாலு லைக் விழுகிறது, அவ்வளவுதான். ஓட்டெடுப்பு வைத்தால் ஓட்டு வருகிறது, பேச்சு வருவதில்லை. என்ன செய்யலாம்?"
– ஒரு வாசகர், புதுச்சேரி

முதலில் கேள்வியை மாற்றுங்கள். ரொம்பப் பிடித்தது எது என்று கேட்டால், படித்ததையெல்லாம் மனதில் வரிசைப்படுத்தி ஒன்றைப் பொறுக்க வேண்டும். பஸ்ஸுக்கு நின்றுகொண்டு போனைப் பார்ப்பவர் அந்த வேலையைச் செய்ய மாட்டார். அதோடு, சின்ன வயதுக் கதைகள் தலைப்போடு நினைவில் இருப்பதில்லை. யார் சொன்னார்கள், எங்கே படுத்துக்கொண்டு கேட்டோம், எந்த இடத்தில் பயந்தோம், இவைதான் நிற்கின்றன. ஆகவே யோசிக்காமல் ஒரே வரியில் சொல்லக்கூடியதைக் கேளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் பதில் வேறாக இருந்தால் இன்னும் நல்லது.

அப்படி ஒரு கதை எல்லோருக்கும் தெரிந்ததே இருக்கிறது. பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நரி பாடச் சொல்கிறது, காக்கா வாயைத் திறக்கிறது, வடை விழுகிறது, நரி தூக்கிக்கொண்டு ஓடுகிறது. பல வீடுகளில் கதை இப்படித்தான் முடியும். இன்னும் பல வீடுகளில் காக்கா வடையைக் காலுக்கடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு "கா கா" என்று பாடும், நரி ஏமாந்து போகும். இரண்டாவது முடிவைக் கேட்டு வளர்ந்தவருக்கு முதல் முடிவு தப்பாகவே தோன்றும். அந்த இடத்தில்தான் பேச்சு பிறக்கிறது.

ஸ்டோரியில் ஓட்டெடுப்பை இப்படிப் போடுங்கள்: "உங்க வீட்டில் சொன்ன கதையில் கடைசியில் வடை யாருக்கு?" நரிக்கு, காக்காவுக்கு என்று இரண்டே தேர்வுகள். "தெரியாது", "மற்றவை" எல்லாம் வேண்டாம். அவை நழுவிப் போக வழி கொடுக்கும்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்டோரி ஓட்டெடுப்பு 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். யார் எதற்குப் போட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், ஓட்டுப் போட்ட மற்றவர்களுக்கு விழுக்காடு மட்டும்தான் தெரியும். கேள்விப் பெட்டி ஸ்டிக்கரும் அப்படித்தான்: பதில் நேரே உங்களிடம் வரும், நீங்கள் எடுத்துப் பகிர்ந்தால்தான் மற்றவர் பார்க்க முடியும், அப்போதும் எழுதியவர் பெயர் தெரியாது. ஒருவரையொருவர் பார்க்காதவர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள்? பேச்சு நடக்கும் இடம் சாதாரணப் பதிவின் கமெண்ட் பகுதி. ஓட்டெடுப்பு அங்கே ஆளைக் கூட்டிவருவதற்குத்தான்.

அதனால் மறுநாள் இரவு, ஓட்டெடுப்பு முடிந்ததும், முடிவை ஒரு படமாக்கிப் பதிவாகப் போடுங்கள். கீழே எழுத வேண்டியது நாலே வரி:

"நேற்று நரி ஜெயித்துவிட்டது. காக்கா கட்சிக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு. உங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னது யார்? எந்த ஊரில்?"

காக்கா ஜெயித்தால் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். தோற்ற பக்கத்தைக் கூப்பிடுவதுதான் முக்கியம். ஜெயித்தவருக்குச் சொல்ல ஒன்றும் பாக்கி இருக்காது, தோற்றவருக்கு இருக்கும். முதல் கமெண்டை நீங்களே போடுங்கள், உண்மையானதாக இருக்கட்டும்: யார் சொன்னார், திண்ணையிலா மொட்டை மாடியிலா, உங்கள் கதையில் என்ன வடை. வாசகர்கள் உங்கள் கமெண்டின் அளவுக்குத்தான் எழுதுவார்கள். நீங்கள் ஒரு சொல்லோடு நிறுத்தினால் அவர்களும் ஒரு சொல்லோடு நிறுத்துவார்கள்.

புதுச்சேரிக்கென்றே ஒரு கிளை இதில் உண்டு. பிரெஞ்சு படித்தவர்களுக்கு இதே கதை லா ஃபோந்தேன் எழுதிய பாட்டாகத் தெரியும். 1668இல் வந்த அவருடைய முதல் தொகுப்பிலேயே இருக்கிறது. அங்கே காக்கையின் அலகில் இருப்பது பாலாடைக்கட்டி, ஜெயிப்பது நரி. "பள்ளிக்கூடத்தில் இதைப் பிரெஞ்சில் மனப்பாடம் செய்தவர்கள் யார் யார்?" என்று கமெண்டிலேயே கேட்டுப் பாருங்கள். உங்கள் வாசகர்களில் பிரான்சில் குடியேறியவர்களும் இருப்பார்கள். இரவு எட்டரைக்குப் போட்டால் அங்கே கோடையில் மாலை 5 மணி, குளிர்காலத்தில் 4 மணி. நம் ஊரில் சாப்பிட்டு உட்காரும் நேரமும் அதுவே. அங்கிருந்து வரும் பதில்கள் நள்ளிரவில் வந்து விழலாம், காலையில் முதல் வேலையாகப் பதில் சொல்லிவிடுங்கள்.

பதில் சொல்லும் விதத்தில்தான் பெரும்பாலான கடைகள் கோட்டை விடுகின்றன. "நன்றி", "அருமை", கைகூப்பும் படம். இது மூன்றும் பேச்சை முடித்துவைக்கும். வில்லியனூரிலிருந்து ஒருவர் "எங்க ஆயா சொன்னாங்க, காக்காதான் ஜெயிக்கும்" என்று எழுதினால், "ஆயா கதையில் நரி சும்மாவா போச்சு?" என்று கேளுங்கள். அதே முடிவைச் சொன்ன இன்னொருவரை அவருக்குக் கீழே டேக் செய்து, "உங்க வீட்டிலும் இதேதானே?" என்று கோத்துவிடுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுபவரைத் திருத்த வேண்டாம், எழுதியவர் ஓடிவிடுவார். முதல் ஒரு மணி நேரம் போனைக் கையில் வைத்திருக்க முடியாத நாளில் பதிவே போடாதீர்கள்.

செய்யக் கூடாதது ஒன்றுண்டு. "மூன்று நண்பர்களை டேக் செய்யுங்கள், புத்தகம் பரிசு" என்று கேட்டு வாங்காதீர்கள். இப்படி ஓட்டும் டேகும் கமெண்டும் கெஞ்சி வாங்கும் பதிவுகளைக் கீழே தள்ளுவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்தது. அது கிடக்கட்டும், பரிசுக்கு வருகிறவர் கதை சொல்ல மாட்டார், பெயர்களை அடுக்கிவிட்டுப் போய்விடுவார். அதேபோல் பேச்சு சூடாக இருக்கும்போது விலைப்பட்டியலை நீட்டாதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த கேள்வி: "கதை ஞாபகம் இருக்கு, பேர் மறந்துபோச்சு. அப்படி ஒண்ணு சொல்லுங்க, கண்டுபிடிக்கலாம்." புத்தகக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி எனக்குத் தெரிந்து இல்லை. குரங்கின் ஈரலைக் கேட்கும் முதலைக் கதையை ஒருவர் சொல்வார். அது நாவல் மரம் என்பார் ஒருவர், இல்லை, அத்தி மரம் என்பார் இன்னொருவர். இருவருக்கும் நீங்கள் பதில் வைத்திருக்கலாம்: பஞ்சதந்திரத்தில் நாவல், புத்த ஜாதகக் கதையில் அத்தி. உடனே தெரியாத கதைக்கு "தேடிச் சொல்கிறேன்" என்று எழுதி, உண்மையிலேயே தேடிச் சொல்லுங்கள்.

பலித்ததா என்று பார்க்க லைக்கை எண்ண வேண்டாம். உங்களுக்கல்லாமல் ஒரு வாசகர் இன்னொரு வாசகருக்கு எழுதிய பதில்களை எண்ணுங்கள். அது சுழியமாக இருந்தால், கேள்விக்கு எல்லா வீட்டிலும் ஒரே பதில் இருந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை முடிவு மாறும் கதையாகத் தேர்ந்தெடுங்கள். நன்றாக வந்த இரண்டு மூன்று கமெண்டுகளை, எழுதியவரிடம் அனுமதி கேட்டு, அட்டையில் எழுதி அந்தந்தக் கதைப் புத்தகம் இருக்கும் தட்டில் குத்திவையுங்கள். பெயரும் ஊரும் போதும். குழந்தையின் படமோ பள்ளியின் பெயரோ வேண்டாம்.