விஐய வருவம்

அன்புள்ள ஐயா,

அப்பப்பா திருகோணமலையிலிருந்து அப்பம்மாவுக்கு எழுதிய கடிதத்தைப் போனில் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கிறது. முதல் வரியில் 'கெஷமம' என்று ஒரு சொல். திகதி இருக்க வேண்டிய இடத்தில் 'விஐய வருவம்' என்றுதான் தெரிகிறது. எந்த ஆண்டு எழுதியது என்றாவது கண்டுபிடிக்க முடியுமா?

ஒரு வாசகி, உப்புவெளி

வணக்கம் தங்கச்சி,

தெரியாத சொல்லோடு மல்லுக்கட்டாமல் தெரிந்த சொல்லிலிருந்து தொடங்குங்கள். தாளின் உச்சியில் 'கோணேஸ்வரர் துணை' என்று இருக்கிறது. அதன் கீழே ஊர்ப் பெயர். இரண்டையும் நீங்கள் எழுத்துக்கூட்டாமலே வாசித்திருப்பீர்கள். அவைதான் உங்கள் அப்பப்பாவின் அரிச்சுவடி.

'கோ' நெடில் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கொம்பு மேலே சுழிக்கப்படவில்லை. கடைசி 'ர்' மேல் புள்ளியும் இல்லை. ஆக, இவர் கொம்பைச் சுழிப்பதுமில்லை, புள்ளி வைப்பதுமில்லை. 'கோ'வின் காலும் 'வரர்' என்பதில் உள்ள ரகரமும் ஒரே கோடாக இருப்பதையும் கவனியுங்கள். அவற்றைச் சொல்லை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். 'துணை', 'மலை' இரண்டிலும் எழுத்துக்கு முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு ஏறுகிறது. ணை, லை, ளை, னை நான்கையும் அக்காலத்தில் அச்சிலும் அப்படித்தான் போட்டார்கள். தமிழ்நாட்டு அரசு அதை மாற்றியது 1978இல்தான். உள்ளே 'பிள்ளை', 'இல்லை' வரும் இடங்களில் இனித் தடுமாற மாட்டீர்கள்.

சரி, உங்கள் 'கெஷமம'வுக்கு வருவோம். கொம்பை நெடிலாக்கி, கடைசி மகரத்துக்குப் புள்ளி வையுங்கள். நடுவில் ககரமும் ஷகரமும் தனித்தனியாக இல்லை, இரண்டும் ஒட்டி ஒரே எழுத்தான க்ஷ. கொம்பு அந்தக் கூட்டெழுத்து முழுவதுக்கும் முன்னால் நிற்கும். க்ஷேமம்! நலம் என்பதற்கு அந்தத் தலைமுறை எழுதிய சொல்.

திகதி வரியில் சிக்கல் கிரந்த எழுத்துகளில்தான். வேகமாக எழுதிய ஜ, ஐ போலவே இருக்கும். ஆனால் ஐகாரம் தனி எழுத்தாகச் சொல்லின் நடுவில் வராது, ஆகவே அது ஜ. 'வருவம்' என்று நீங்கள் படித்ததில் முதல் எழுத்தையும் மூன்றாம் எழுத்தையும் ஒப்பிடுங்கள். மூன்றாவதில் வலக்கோட்டைக் குறுக்கே வெட்டும் ஒரு சிறு வளைவு இருக்கிறது. அது ஷ. விஜய வருஷம். அறுபது ஆண்டுச் சுற்றில் அது 1953 ஏப்ரல் நடுவிலிருந்து 1954 ஏப்ரல் நடுவரை.

ஒரு உறுத்தல் மட்டும் இருக்கிறது. அந்த 'வி' மடிப்பின் மேல் விழுந்திருக்கிறது. அது பின்பக்க மை ஊறிய கறையாக இருந்தால் மிஞ்சுவது 'ஜய', அடுத்த வருஷம். காலையில் ஜன்னலோரம் தாளை வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழ அந்த வரியை மட்டும் எடுங்கள். அப்புறம் திருப்பி, பின்பக்கத்தில் அதே இடத்தையும் எடுங்கள். அங்கே அதே வளைவு இடவலம் மாறி, முன்பக்கத்தைவிட அழுத்தமாகத் தெரிந்தால் அது கறைதான்.