ஸ்கூட்டர் செல்ஃப் எடுக்கல, கிக்கரில் எடுக்குது: கேள்வி பதில்

புது பேட்டரி போட்டும் செல்ஃப் எடுக்கல அண்ணா. பட்டனை அமுக்கினா "டிக்"னு ஒரே சத்தம். மல்டிமீட்டர்ல 12.7 வோல்ட் காட்டுது.

சும்மா இருக்கும்போது காட்டுற 12.7 பாதிக் கதைதான். பட்டனை அமுக்கிப் பிடிச்சபடியே பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டர் வைங்க. 9.6க்குக் கீழே சரிஞ்சா பேட்டரி தளர்ந்திருக்கு, இல்லேன்னா மோட்டார் இறுகியிருக்கு. 12.5லேயே நின்னா மோட்டாருக்குக் கரன்ட் போகவே இல்லை.

அப்படி நின்னா ஸ்டார்ட்டர் ரிலேக்கு வாங்க. தடிச்ச வயர் வரும் இரண்டு போல்ட் தலையிலும் மீட்டர் முனையை வைச்சு பட்டனை அமுக்குங்க. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கணும். இறங்காம 12 காட்டினா "டிக்" சத்தம் வந்தாலும் உள்ளே காண்டாக்ட் கருகி ஒட்டலைன்னு அர்த்தம், ரிலேயை மாத்துங்க. இறங்கியும் மோட்டார் சுத்தலைன்னா எர்த் வயர், அடுத்து கார்பன் பிரஷ். பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே, பட்டனை அமுக்கும்போது 0.3க்கு மேல் காட்டினா எர்த் போல்ட்டைக் கழட்டி உப்புத்தாள் போடுங்க.

ஹார்ன் நல்லா அடிக்குது, லைட் எரியுது. அப்போ பேட்டரி ஓகேதானே?

இல்லை. ஹார்னுக்குச் சில ஆம்பியர் போதும், செல்ஃபுக்குப் பத்து மடங்கு வேணும். கிக்கரில் எடுக்கிறதும் அதனாலதான்: பிளக்குக்கு வேண்டிய கரன்ட் கொஞ்சம்தான். "டக டக டக"ன்னு தொடர்ந்து அடிச்சா பேட்டரிதான்.

டிக் சத்தமே வரல சார்.

பிரேக் லீவரைப் பிடிச்சீங்களா? பின்னாடி பிரேக் லைட் எரியுதா? எரியலேன்னா பிரேக் சுவிட்ச். எரிஞ்சா ஸ்டார்ட் பட்டன், ரிலேயின் சின்ன வயர்.

எனக்கு கிக்கர்லயும் எடுக்கல.

அது வேற நோய். பிளக், பெட்ரோல் பாருங்க.

ஆக்டிவா 6ஜியில் சத்தமே இல்லையே?

அதில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. மேலே சொன்ன சோதனை அதுக்கு இல்லை, ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்க.

எதுக்கு மீட்டர்? ஸ்க்ரூடிரைவரால ரிலே இரண்டு போல்ட்டையும் சேர்த்தா தெரிஞ்சுடும். எல்லா மெக்கானிக்கும் அதைத்தான் செய்யறாங்க.

தெரியும்தான், மறுக்கலை. மோட்டார் சுத்தினா ரிலேமேல சந்தேகம். ஆனா பொறி பறக்கும், பெட்ரோல் வாடை இருந்தா கதை முடிஞ்சது. சாவி ஆனில் இருந்தா இன்ஜின் எடுத்துக்கும், அதனால சென்டர் ஸ்டாண்ட் அவசியம்.

நான் பத்து வருஷமா செய்யறேன், ஒண்ணும் ஆகல.

சரி, செய்யுங்க. புதுசா வந்தவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பேட்டரி முனையில் வெள்ளைப் பூ பூத்திருக்கு, கிக்கர் ஓகே, செல்ஃப் இல்லை.

மைனஸை முதலில் கழட்டி, வெந்நீர் துணியால துடைச்சு, உலர்த்தி, இறுக்கி, மேலே வாசலின். அப்புறம் போல்ட் ஆடுதான்னு கையால அசைச்சுப் பாருங்க.

அண்ணா, முதல் கேள்வி நான்தான். ரிலே போல்ட்டில் 12.4.

போல்ட் தலையில் வைச்சீங்களா, வயர் முனையில இருக்கிற வளையம், அந்த லக்கில் வைச்சீங்களா? லக்னா மறுபடி பாருங்க. லக்குக்கும் போல்ட்டுக்கும் நடுவில் உப்பு இருந்தாலும் இதேதான் காட்டும்.