பேட்டரியா, எர்த்தா? மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை

கேள்வி: ஊருக்குப் போயிருந்ததால் 40 நாள் நிறுத்தி வைத்திருந்த பெட்ரோல் கார் செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக் காரிலிருந்து சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று கேபிள் மாட்டியும் ‘டக் டக்’ சத்தம்தான். பேட்டரிக்கு மூன்று வயது. மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றி விடட்டுமா?

பதில்: பணம் கொடுக்கும் முன், கடைசிக் கறுப்பு கிளிப்பை மட்டும் இடம் மாற்றி இன்னொரு முறை முயன்று பாருங்கள். முதல் சிவப்பு கிளிப் உங்கள் பேட்டரியின் பாசிட்டிவிலும், அதன் மறுமுனை உதவும் காரின் பாசிட்டிவிலும், கறுப்பின் ஒரு முனை அந்தக் காரின் நெகட்டிவிலும் மாட்டப்பட வேண்டும். மிஞ்சும் முனையை உங்கள் பேட்டரியில் அல்ல, அதிலிருந்து தள்ளி, எஞ்சினில் பெயின்ட் இல்லாத கனமான உலோகப் பகுதியில் கடிக்கவிட வேண்டும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும் என்பதால்தான் இந்த வரிசை. கழற்றும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள்.

இந்த இடமாற்றத்தில் இன்னொரு பயனும் உண்டு. நீங்கள் மாட்டிய முறையில், ஸ்டார்ட்டருக்குச் சென்ற மின்சாரம் உங்கள் காரின் எஞ்சினையும் பேட்டரி நெகட்டிவையும் இணைக்கும் எர்த் பட்டை வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். அதன் போல்ட் துருப்பிடித்திருந்தால் எத்தனை பேட்டரியை இணைத்தாலும் ‘டக் டக்’தான். எஞ்சினில் மாட்டியதும் வண்டி சட்டென்று கிளம்பினால், சந்தேகம் எர்த் மீது திரும்புகிறது. அதை உறுதிசெய்ய, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை நெகட்டிவ் டெர்மினலின் ஈயத்திலேயே (அதைக் கவ்வும் கிளாம்ப்பில் அல்ல), மறுமுனையை எஞ்சின் உலோகத்தில் வைத்து, கேபிளின் கறுப்பு கிளிப் நீங்கள் முதலில் மாட்டியபடி உங்கள் பேட்டரியில் இருக்கும்போதே ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பழுது அங்கேதான். என் பழைய காரில் மீட்டர் 2.8 வோல்ட் காட்டியது. பட்டையின் போல்ட்டைக் கழற்றி, உப்புக்காகிதத்தால் தேய்த்து, இறுக்கியதோடு வேலை முடிந்தது.

எஞ்சினில் மாட்டியும் கிளம்பாவிட்டால், முதலில் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். மலிவான கேபிள்களில் ரப்பர் உறை தடித்திருக்கும், உள்ளே கம்பி மெல்லியதாக இருக்கும். அது சூடாவதே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்ததே பேட்டரி. சார்ஜ் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்துவிடும். அதைச் சாதாரண சார்ஜரால் முழுமையாகக் கரைக்க முடியாது. அத்தகைய பேட்டரி ஒரு மணி நேரத்திலேயே ‘முழு சார்ஜ்’ என்று காட்டும், ஆனால் சாவியைத் திருப்பியதும் வோல்ட் 9.6-க்குக் கீழே சரிந்துவிடும். முழுதாக சார்ஜ் செய்து, வயரைக் கழற்றி, ஓர் இரவு வைத்த பின் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்ல அறிகுறி, 10.5 என்றால் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். அப்போதும் வாரண்டி அட்டையை எடுத்து, இலவச மாற்றுக் காலமும் விலைத் தள்ளுபடிக் காலமும் எப்போது முடிகின்றன என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்; வெறுமனே சார்ஜ் இறங்கியதை வாரண்டியில் பொதுவாக ஏற்க மாட்டார்கள், செத்த செல் வேறு விஷயம்.