25 வீதம் இருந்தும் சபையில் பெண்கள் ஏன் குறைகிறார்கள்?

கேள்வி: மட்டக்களப்பில எங்கட பிரதேச சபையில 25 வீதம் பெண்கள் இல்லையே, சட்டம் இருந்தும் ஏன்? இதால பயன் ஏதும் உண்டா?

குறைபாடு கணக்கில் இருக்கிறது. உறுப்பினர்களில் ஏறத்தாழ 60 வீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும் மற்றவர்கள் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். வட்டார வேட்பாளர்களில் 10 வீதம் பெண்கள் இருந்தால் போதும் என்பதால், கட்சிகள் பெண்களைப் பெரும்பாலும் பட்டியலுக்கே ஒதுக்குகின்றன.

20 பேர் கொண்ட ஒரு சபையை எடுத்துக்கொள்வோம். ஐந்து பெண்கள் வேண்டும். 12 வட்டாரங்களிலும் ஆண்களே வென்றால், எட்டுப் பட்டியல் இடங்களிலிருந்தே அந்த ஐவரும் வர வேண்டும்; ஆனால் 20 வீதத்துக்குக் குறைவான வாக்குகளும் மூன்றுக்குக் குறைவான உறுப்பினர்களும் பெற்ற கட்சிக்குப் பெண்ணை நியமிக்கும் கடமை இல்லை. வாக்குகள் பல கட்சிகளாகவும் சுயேச்சைக் குழுக்களாகவும் சிதறும் நம் கிழக்கில், அந்த எட்டில் ஆறு இத்தகையோரிடம் போனால், மீதி இரண்டு இடங்களுக்கு மட்டுமே சட்டம் பெண்களை உறுதிசெய்யும்.

அப்படியிருந்தும், சுமார் 2 வீதமாக இருந்த பெண்களின் பங்கு 2018 தேர்தலில் 20 வீதத்தைத் தாண்டியது. ஒதுக்கீடே இல்லாத நாடாளுமன்றத்தில், 2024 இலும் அது 10 வீதத்தை எட்டவில்லை.

எண்ணிக்கைக்கு அப்பாலும் சான்று உண்டு. மேற்கு வங்காளத்தில் தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள், பெண்கள் அதிகம் முறையிட்ட குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டன. ஆனால் அங்கே ஒதுக்கப்பட்டது தலைமைப் பதவி. வட்டாரமோ வாக்காளரோ இல்லாத பட்டியல் உறுப்பினரிடம் அதே விளைவை எதிர்பார்ப்பது நியாயமல்ல என்பது என் கருத்து.