ஒளியிழைக்குள் 45 பாகைக் கோடு

வணக்கம் ஐயா. நான் கல்லூரி முதலாண்டு இயற்பியல் படிக்கிறேன். ஓர் ஒளியிழையில் உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் 1.48, அதைச் சுற்றியுள்ள உறையின் ஒளிவிலகல் எண் 1.46 என்று கொடுத்து, மாறுநிலைக் கோணத்தைக் கண்டுபிடித்து முழு அக எதிரொளிப்புப் படம் வரையச் சொன்னார்கள். 80.6 பாகை என்று சரியாகத்தான் கணக்கிட்டேன். படமும் வழக்கமாகப் பார்ப்பதுபோல் மேலும் கீழுமாக மடங்கி மடங்கிப் போகும் கோடாக வரைந்தேன். "கோணம் தவறு" என்று பாதி மதிப்பெண் போய்விட்டது. படத்தில் என்ன தவறு?

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பிய படத்தில் கோணமானியை வைத்துப் பார்த்தேன். உங்கள் கதிர் சுவரில் ஏறக்குறைய 45 பாகையில் மோதுகிறது. மேலே உங்கள் கையெழுத்திலேயே 80.6 என்று இருக்கிறது. படுகோணம் மாறுநிலைக் கோணத்தைத் தாண்டினால்தான் ஒளி முழுதாக எதிரொளிக்கும். 45 என்பது 80.6-ஐவிடக் குறைவு. அப்படியானால் அந்தக் கதிர் முழுதாக எதிரொளிக்காது, உறைக்குள் போய்விடும். உங்கள் கணக்கு உங்கள் படத்தையே மறுக்கிறது. மதிப்பெண் போனது அங்கேதான்.

அந்த 45 பாகை எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியிலிருந்து காற்றுக்குப் போகும் ஒளிக்கு மாறுநிலைக் கோணம் ஏறக்குறைய 42 பாகை. அதனால் வெறும் கண்ணாடித் தண்டுக்கு 45 பாகைக் கோடு பொருந்துவதுபோல் தெரிகிறது. ஒளியிழையில் உள்ளகத்தைச் சுற்றி இருப்பது காற்று இல்லை, கிட்டத்தட்ட அதே ஒளிவிலகல் எண் உள்ள இன்னொரு கண்ணாடி. வித்தியாசம் வெறும் 0.02 என்பதால்தான் மாறுநிலைக் கோணம் 80-ஐத் தாண்டிவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. காற்றிலிருந்து உங்கள் இழையின் தட்டையான முனை வழியாக நுழையும் எந்தக் கதிரும் உள்ளே அச்சுக்கு 42.5 பாகைக்கு மேல் சாய முடியாது. முனையை உரசிக்கொண்டு வருகிற கதிருக்கே அதுதான் எல்லை. சுவரில் 45 பாகையில் மோதும் கதிர் அச்சுக்கும் 45 பாகை சாய்ந்திருக்கும். ஆக, நீங்கள் வரைந்த கதிர் அந்த முனை வழியாக உள்ளே வந்திருக்கவே முடியாது.

சரி, இப்போது வரைவோம். ஏ4 தாளை அகலவாக்கில் வையுங்கள். உள்ளகத்தின் விட்டம் 50 மைக்ரோமீட்டர், உறையோடு சேர்த்து 125 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், பெரிதும் புழங்கும் அளவுதான். இதை 400 மடங்கு பெரிதாக்கினால் உள்ளகம் 2 செ.மீ. தடிமன், அதன் மேலும் கீழும் உறை 1.5 செ.மீ. வீதம். உள்ளகத்தின் நடுவே அச்சைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள். இடப்பக்கம் 5 செ.மீ. காற்றுக்கு விட்டு, இழையின் முனையைச் செங்குத்தாக வரையுங்கள்.

செங்குத்துக்கோட்டில்தான் பலர் தடுமாறுகிறார்கள். செங்குத்துக்கோடு அந்தந்தப் பரப்புக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். முனை நிமிர்ந்து நிற்பதால் அங்கே செங்குத்துக்கோடு கிடையாக இருக்கிறது, அச்சேதான் அது. சுவர் கிடையாக இருப்பதால் அங்கே செங்குத்துக்கோடு நிமிர்ந்து நிற்கிறது. கதிர், அச்சு, சுவரின் செங்குத்துக்கோடு மூன்றும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணம். அதனால் முனையில் விலகுகோணம் 8 பாகை என்றால் சுவரில் படுகோணம் 82 பாகை. மாறுநிலைக் கோணத்தைச் சுவருக்கும் கதிருக்கும் நடுவே குறிக்கக் கூடாது. செங்குத்துக்கோட்டுக்கும் கதிருக்கும் நடுவேதான் குறிக்க வேண்டும்.

இங்கே கோணமானியை நம்ப வேண்டாம். 82-க்கும் 80.6-க்கும் இடையே ஒன்றரைப் பாகைகூட இல்லை, பென்சில் முனை கொஞ்சம் நகர்ந்தாலே கதை மாறிவிடும். ஸ்கேலால் தூரத்தை அளந்து புள்ளி வைத்துக்கொண்டு கோட்டை இழுங்கள்.

முதல் கதிர் காற்றில் அச்சுக்கு 12 பாகை சாய்ந்து, கீழிருந்து மேலாக வருகிறது. முனைக்கு 4 செ.மீ. முன்னால், அச்சுக்கு 8.5 மி.மீ. கீழே ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து முனையின் நடுவுக்குக் கோடு இழுங்கள். உள்ளே நுழைந்ததும் கதிர் அச்சை நோக்கி வளைந்து 8 பாகையாகிறது. இந்த வளைவை விட்டுவிட்டு ஒரே நேர்க்கோடாக இழுப்பதும் அடிக்கடி பார்க்கும் தவறு. 8 பாகையில் 1 செ.மீ. மேலே ஏற 7.1 செ.மீ. போக வேண்டும். எனவே மேல் சுவரில் முனையிலிருந்து 7.1 செ.மீ. தள்ளிப் புள்ளி வையுங்கள். அங்கே எதிரொளித்துக் கீழ்ச் சுவரைத் தொடும் இடம் 21.3 செ.மீ. தாளில் இரண்டே மோதல்தான் அடங்கும். பார்ப்பதற்குச் சப்பையாகத்தான் இருக்கும், ஆனால் உண்மையான இழையில் ஒளி இப்படித்தான் போகிறது.

இரண்டாவது கதிர் மாறுநிலைக் கதிர். இது 14 பாகையில் வருகிறது, 4 செ.மீ. முன்னால் அச்சுக்கு 1 செ.மீ. கீழே. உள்ளே 9.4 பாகையாகி, 6 செ.மீ. தூரத்தில் சுவரைத் தொடுகிறது. அங்கே படுகோணம் சரியாக 80.6. இதன் விலகுகதிரை எல்லைக்கோட்டின் மேலேயே, வலப்பக்கமாக, அம்புக்குறியோடு வரையுங்கள். மாறுநிலைக் கோணத்தை θc என்று எழுத வேண்டிய இடம் இந்தப் புள்ளி ஒன்றுதான். பக்கத்தில் sin θc = n2/n1 என்று எழுதிவிடுங்கள், n1 உள்ளகத்தின் ஒளிவிலகல் எண், n2 உறையினுடையது.

மூன்றாவது, தப்பிப் போகும் கதிர். 20 பாகையில் வருகிறது, 4 செ.மீ. முன்னால் அச்சுக்கு 14.6 மி.மீ. கீழே. உள்ளே 13.4 பாகையாகி, 4.2 செ.மீ. தூரத்திலேயே சுவரில் மோதுகிறது. படுகோணம் 76.6 பாகைதான், போதாது. உறைக்குள் நுழைந்து 80.5 பாகையில் போகிறது, அதாவது சுவருக்கு 9.5 பாகை சாய்வில். இரண்டு கண்ணாடிக்கும் வித்தியாசம் குறைவு என்பதால் வளைவு லேசாகத்தான் இருக்கும். பலர் இந்தக் கதிரைச் செங்குத்துக்கோட்டுப் பக்கம் வளைத்துவிடுகிறார்கள். அடர்வு குறைந்த ஊடகத்துக்குப் போவதால் அது செங்குத்துக்கோட்டை விட்டு விலகி, சுவரை நெருங்கிப் படுக்க வேண்டும். முனையிலிருந்து 13 செ.மீ. தள்ளி உறையின் வெளி விளிம்பைத் தொடும்.

மூன்றாவது கதிரிலும் கொஞ்சம் ஒளி உள்ளேயே எதிரொளிக்கிறதே, அது ஏன் கணக்கில் வராது என்று கேட்பீர்கள். முதல் மோதலிலேயே 3 சதவீதம் அளவுக்குத்தான் திரும்புகிறது. அதை மெல்லிய புள்ளிக்கோடாகக் காட்டலாம். முதல் கதிரோ ஒரு மீட்டர் இழையில் சுமார் 2,800 முறை மோதுகிறது. மோதலுக்கு ஒரு சதவீதம் இழந்தால்கூட, 100 மோதலில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மிஞ்சும். 'முழு' என்ற சொல்லுக்கு இங்கே அவ்வளவு அர்த்தம் இருக்கிறது.

படத்தின் கீழே "400 மடங்கு" என்று எழுத மறக்காதீர்கள். அப்புறம், இந்தப் படம் உள்ளகம் முழுக்க ஒரே ஒளிவிலகல் எண் கொண்ட இழைக்கு மட்டும்தான். நடுவிலிருந்து ஓரத்துக்கு அந்த எண் படிப்படியாகக் குறையும் இழையில் கதிர் சட்டென்று முறிந்து திரும்பாது, அலைபோல் வளைந்து போகும். உள்ளகம் 9 மைக்ரோமீட்டர் அளவுக்குச் சுருங்கிய ஒற்றைப் பாங்கு இழைக்கோ கதிர்ப் படமே உதவாது. ஒளியின் அலைநீளமே அங்கே ஒன்றரை மைக்ரோமீட்டர் அளவுக்கு இருக்கும்போது, கோட்டை எங்கே இழுப்பது?