நாய்க்கடி: ஊருக்குப் போய் வந்தவர்களின் கேள்விகள்

டிசம்பர் விடுமுறை முடிந்ததும் எனக்கு வரும் கடிதங்களில் பாதி நாய்க்கடியாகத்தான் இருக்கும். இந்த வருடமும் அப்படித்தான்.

யீஷூனில் பக்கத்து வீட்டு நாய் காலைக் கடித்துவிட்டது. ரேபிஸ் ஊசி போட வேண்டுமா?

பெரும்பாலும் தேவைப்படாது. சிங்கப்பூர் 1953 முதல் ரேபிஸ் இல்லாத நாடு. அந்த நாய் அண்மையில் வெளிநாட்டிலிருந்து வந்ததா என்று மட்டும் கேளுங்கள். ஆனால் சீழ் பிடிப்பதும் டெட்டனஸும் இங்கேயும் உண்டு. சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அன்றே கிளினிக் போங்கள்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசியா, டாக்டர்?

அந்தக் காலம் எப்போதோ போய்விட்டது. இப்போது நாலைந்து முறை, கையில்.

மன்னார்குடியில் என் 6 வயது மகனைக் குட்டி நாய் கட்டைவிரலடியில் கடித்தது, ரத்தம் வந்தது. பாட்டி மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்தார். ஒரு ஊசி போட்டோம். மீதியை நேரம் கிடைக்கும்போது இங்கே போடலாமா?

இது எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் விஷயமா அம்மா? படித்த உடனே உங்களைக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன், ஆனாலும் மற்றவர்களுக்காக இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த மஞ்சள், சுண்ணாம்பு. வருடா வருடம் சொல்கிறேன், இன்னும் நிற்கவில்லை. ரேபிஸ் கிருமியின் மேல் கொழுப்பாலான உறை ஒன்று இருக்கிறது, அதைக் கரைப்பது சோப்பு. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டும். செம்பில் மொண்டு ஊற்றினால் போதாது, மோட்டாரைப் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அதன் அடியில் கையை நீட்டச் சொல்லுங்கள். அப்புறம் பொவிடோன் அயோடின், அவ்வளவுதான். மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் காயத்தைப் புண்ணாக்கும், அதைவிட மோசம், மருந்து வைத்தாயிற்று என்று எல்லோரும் கழுவாமல் விட்டுவிடுவார்கள். குட்டிதானே என்றும் நினைக்காதீர்கள், குட்டிக்கும் ரேபிஸ் வரும்.

இரண்டாவது, ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. தடுப்பூசி போட்டபின் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கிருமியோ நரம்பு வழியாக மூளையை நோக்கி ஊர்ந்து போகிறது, விரல்களில் நரம்பு அதிகம். அந்த இடைவெளியை அடைக்கத்தான் இம்யூனோகுளோபுலின், அதாவது தயாராக இருக்கும் எதிர்ப்புப் பொருள். அதைக் காயத்துக்குள்ளேயும் சுற்றிலும் போடுவார்கள். முதல் தடுப்பூசி போட்ட ஏழு நாளுக்குள் போட்டால்தான் பலன்.

கணக்கைப் பாருங்கள். சனி மாலை கடி, ஞாயிறு முதல் ஊசி. இரண்டாவது ஊசியை மூன்று நாள் கழித்து, புதனன்று போட்டிருக்க வேண்டும், அன்று நீங்கள் விமானத்தில். வியாழன் உங்கள் கடிதம். ஒரு நாள்தான் தவறியது, முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, உடனே போட்டுவிட்டு அடுத்தவற்றை அதே இடைவெளியில் தொடரலாம். இம்யூனோகுளோபுலினுக்கு ஞாயிறு வரை நேரம் இருந்தது. அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போனீர்கள். பையன் எடை 20 கிலோ, கிலோவுக்கு 20 யூனிட் என்று 400 யூனிட். கட்டைவிரலடியில் இடம் குறைவு, பிள்ளை துடித்து அழுதான் என்றீர்கள். ஆனாலும் கடித்த இடத்தில் எவ்வளவு இறங்குமோ அவ்வளவும் அங்கேதான் இறங்க வேண்டும்.

ஊரில் ஊசி போட்ட சீட்டைத் தொலைக்காதீர்கள். தசையில் போட்டார்களா, தோலிலா என்பதைப் பொறுத்து அடுத்த தேதிகள் மாறும். “ஏதோ ஊசி போட்டாங்க” என்று வந்து நின்றால் இங்குள்ள டாக்டர் என்ன செய்வார்?

கடித்தது அத்தை வீட்டு நாய். பத்து நாள் பார்த்துவிட்டுப் பிறகு ஊசி போடலாமா?

கூடாது. முதல் நாளே தொடங்குங்கள், நாயையும் பாருங்கள். எச்சிலில் கிருமி வந்துவிட்ட நாய் பத்து நாளுக்குள் நோயில் விழும். பத்தாம் நாளும் நன்றாக இருந்தால் டாக்டரைக் கேட்டு மீதி ஊசிகளை நிறுத்தலாம். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான், குரங்குக்குக் கிடையாது. தெருநாய் என்றால் எங்கே போய்த் தேடுவீர்கள்?

காயத்தைத் தைக்கலாமா?

அவசரப்பட்டுத் தைக்கக் கூடாது. தைத்தே ஆகவேண்டுமென்றால் இம்யூனோகுளோபுலின் போட்ட பிறகு, அதுவும் தளர்வாக.

பாலியில் தெருநாய் கடித்து மூன்று மாதம் ஆகிறது. ஒன்றும் ஆகவில்லை. இனிப் பயமில்லைதானே?

பாலியில் 2008 முதல் ரேபிஸ் இருக்கிறது. பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதத்தில் நோய் தெரியும், ஒரு வருடம் தாண்டி வந்ததும் உண்டு. அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது. அறிகுறி வராதவரை தடுப்பூசிக்குக் காலம் கடந்துவிடவில்லை, நீங்கள் ஒரு ஊசியும் போடவில்லை என்பதால் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படலாம். இதைப் படித்ததும் கிளம்புங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.