ஆறாவது பெயர்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. மகள் இளநிலைப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். செவிலியர்களின் உறக்கம் பற்றிய ஓர் ஆய்வுக்காக 120 கேள்விப் படிவங்களை நான்கு மாலைகளில் கணினியில் பதிந்து கொடுத்திருக்கிறாள். பேராசிரியர் மனம் மகிழ்ந்து, கட்டுரையின் ஆசிரியர்கள் வரிசையில் ஆறாவது பெயராக அவளைச் சேர்ப்பதாகச் சொல்கிறார். அவள் வேண்டாம் என்கிறாள். உங்கள் அண்ணனோ, தேடி வந்ததைத் தட்டிக் கழிக்கலாமா என்று வீட்டுக்கு வந்து சத்தம் போடுகிறார்.

உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் உங்கள் மகள் சொல்வதுதான் சரி.

மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு, ஒருவரைக் கட்டுரையாசிரியராகச் சேர்க்க நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது. ஆய்வைத் திட்டமிட்டதிலோ, தரவுகளைத் திரட்டியதிலோ, பகுத்து விளக்கியதிலோ கணிசமான பங்கு வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது ஆழ்ந்து படித்துத் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். கட்டுரை முழுவதற்கும் பொறுப்பேற்க வேண்டும். இந்த நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும், ஒன்று போதாது. யாரோ திரட்டிய விடைகளைக் கணினியில் பதிவது முதல் நிபந்தனையையே எட்டாது. கட்டுரையின் வரைவை அவள் கண்ணாலும் பார்க்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நான்காவது நிபந்தனையை உங்கள் அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள். 2020 மே மாதம் 'லான்செட்' இதழில் கொரோனா மருந்து பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதன் மூலத் தரவுகள் அதை எழுதிய நால்வரில் ஒருவரின் நிறுவனத்திடம் இருந்தன. சந்தேகம் எழுந்தபோது அவற்றை முழுமையாகச் சரிபார்க்க மற்ற மூவருக்கும் வழி கிடைக்கவில்லை. இரண்டே வாரங்களில் அவர்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அவர்கள் அனுபவம் மிக்கவர்கள். உங்கள் மகளுக்கு இப்போதுதான் ஆய்வுலகில் காலடி. மேற்படிப்பு நேர்காணலில், "இந்தப் புள்ளியியல் முறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அந்த இடத்தில் விழிப்பதற்கு ஆகும் விலை, ஒரு பெயர் தரும் பலனைவிடப் பெரியது.

இனி யாரும் பொருட்படுத்தாத ஒரு வழிக்கு வருகிறேன். அது கட்டுரையின் கடைசியில் வரும் நன்றியுரை. அதை ஆறுதல் பரிசாக நினைக்காதீர்கள். "உதவிய அனைவருக்கும் நன்றி" என்று பொதுவாகப் போட்டால் பயனில்லை. பெயரோடு வேலையும் இருக்க வேண்டும்: "120 கேள்விப் படிவங்களைக் கணினியில் பதிந்து, இருமுறை பதிவான மூன்றைக் கண்டறிந்தவர்." அந்த மூன்றை அவள்தான் கண்டுபிடித்தாள் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அது நன்றியுரையில் கட்டாயம் வர வேண்டும். தன்விவரக் குறிப்பில் 'ஆய்வு அனுபவம்' என்ற தலைப்பில் அதே வரியை அவள் எழுதலாம். அந்த மூன்றையும் எப்படிக் கண்டாள், பிறகு என்ன செய்தாள் என்று யார் கேட்டாலும் ஐந்து நிமிடம் தடுமாறாமல் பேசுவாள். நன்றியுரையில் பெயர் வர எழுத்துமூலம் சம்மதம் பெறுவது நல்ல இதழ்களின் வழக்கம். மறுப்புக் கடிதத்திலேயே அதையும் கொடுத்துவிடலாம்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, என் பெயரையும் சேர்க்க நினைத்ததற்கு மிக்க நன்றி. என் பங்கு படிவங்களைப் பதிந்து சரிபார்த்ததோடு நின்றுவிட்டது. ஆய்வைத் திட்டமிட்டதிலும் கட்டுரையை எழுதியதிலும் நான் இல்லை. ஆகவே இணை ஆசிரியராக என் பெயர் வேண்டாம். நன்றியுரையில் அந்தப் பணியைக் குறிப்பிட்டால் மகிழ்வேன். அதற்கு என் சம்மதம் உண்டு. அடுத்த ஆய்வில் தொடக்கத்திலிருந்தே உழைக்க விரும்புகிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பேராசிரியர் மனம் கோணாமல் இருப்பது அதனால்தான். "தகுதி இல்லை" என்ற சொல்லும் வேண்டாம். அவள் தன்னைத் தாழ்த்திக்கொண்டால், "அதெல்லாம் பரவாயில்லை" என்று அவர் வற்புறுத்துவார். செய்த வேலையின் அளவைச் சொன்னால் வாதத்துக்கு இடமில்லை.

ஒருவேளை அவர், "கட்டுரையை ஒரு மாதம் தள்ளி அனுப்பலாம், பகுப்பாய்வில் சேர்ந்து வேலை செய், வரைவையும் திருத்து" என்றால் நிலைமை வேறு. அப்போது அவள் விரும்பினால் ஒப்புக்கொள்ளட்டும். அவள் விரும்பினால் மட்டும். நீங்களோ அவளுடைய மாமாவோ அந்த முடிவை எடுக்கக் கூடாது.

கட்டுரை இதழுக்குப் போன பிறகு ஒரு பெயரை நீக்க, பொதுவாக எல்லா ஆசிரியர்களின் ஒப்புதலும் கேட்பார்கள். வெளியான பிறகு என்றால் திருத்த அறிவிப்பே போட வேண்டியிருக்கும். பல இதழ்கள் கட்டுரை வந்ததும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் மின்னஞ்சல் அனுப்பும். மறுத்த பிறகும் அப்படி ஒன்று வந்தால், முதலில் பேராசிரியரிடம் கேட்டுவிட்டு, அன்றே இதழுக்கும் அவள் பதில் எழுத வேண்டும். இந்தக் கட்டுரை வெள்ளிக்கிழமை போகிறது என்கிறீர்கள். இன்று மாலைக்குள் அவள் கடிதத்தை அனுப்பிவிடட்டும்.